சீட்டு எடுக்காமலே இறந்தவரின் பணம்: குடும்பம் அதை எப்படிக் கேட்டு வாங்குவது

பதிவு பெற்ற ஏலச்சீட்டில் சேர்ந்திருந்தவர் நடுவில் இறந்துவிட்டால், குடும்பத்துக்கு முதல் கெடு அடுத்த தவணைத் தேதிதான். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடுவதால் பணம் பறிபோய்விடாது. ஆனால் அது ‘தவணை தவறியவரின் பணம்’ என்ற வேறு கணக்குக்குப் போய்விடலாம். அந்தக் கணக்கில் கிடைப்பது எப்போதும் குறைவு. அதனால் எந்தக் கணக்கில் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தாள்கள் அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாகி நடக்கும் ஏலச்சீட்டுக்கு. தெருவில் பதிவில்லாமல் நடக்கும் சீட்டையும் மகளிர் குழுவையும் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

முதலில் தெரிய வேண்டியது: சீட்டு எடுத்தாரா, எடுக்கவில்லையா

பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சீட்டு எடுத்திருந்தால் ஏலத் தேதியும், ஏலத்தில் விட்டுக்கொடுத்துத் தள்ளிய தொகையும் அதில் எழுதியிருக்கும். புத்தகம் கிடைக்காவிட்டால் வங்கிக் கணக்கில் சீட்டுக் கம்பெனியிடமிருந்து பெரிய தொகை ஏதும் வரவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒருவரே ஒரு குழுவில் இரண்டு சீட்டு போட்டிருப்பதும், ஒன்றை எடுத்து மற்றதை விட்டு வைத்திருப்பதும் சாதாரணம். ஆகவே குழு எண், சீட்டு எண் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்திருந்தால் குடும்பத்துக்கு வரவு இல்லை, மீதித் தவணைகள் கடனாக நிற்கின்றன. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. ஜாமீன் போட்டவருக்கோ அந்த வரம்பு கிடையாது. தவணை நின்றால் மீதி முழுவதையும் ஒரே தொகையாகக் கேட்டு கம்பெனி நோட்டீஸ் அனுப்பலாம், அது முதலில் ஜாமீன்தாரர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அவருக்குத் துக்கச் செய்தியோடு இதையும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. ஏலத்தில் சீட்டு அவர் பேருக்கு விழுந்திருக்கும், ஆனால் ஜாமீன் கொடுத்து முடிப்பதற்குள் இறந்திருப்பார். வாங்காத பரிசுத் தொகையைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, வங்கியில் தனிக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். எந்த வங்கி, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி வருவதெல்லாம் சீட்டு எடுக்காமல் இறந்தவரைப் பற்றியது.

தவணையை நிறுத்தாதீர்கள், குறைந்தது முடிவெடுக்கும் வரை

எடுக்காத உறுப்பினர் தவணை தவறினால் அவர் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க நடத்துபவருக்குச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இடம் தருகிறது. நீக்கியதை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த 7 நாளுக்குள் நிலுவையை வட்டியோடு கட்டினால் பேர் திரும்பச் சேரும். சிக்கல் என்னவென்றால், அந்த நோட்டீஸ் இறந்தவர் பேரில் அவருடைய பழைய விலாசத்துக்குப் போகும். வீடு பூட்டியிருந்து தபால் திரும்பிப் போனால் யாருக்கும் தெரியாது. இன்னொன்று, பல ஒப்பந்தங்களில் தேதி தவறிக் கட்டினால், தள்ளிய தொகையிலிருந்து உறுப்பினருக்குத் தவணையில் குறையும் அந்த மாதக் கழிவு கிடையாது என்று இருக்கும்.

எனவே இறப்புச் சான்றிதழ் வருவதற்கு முன்பே கம்பெனிக் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் மூன்று விஷயம் போதும்: உறுப்பினர் இன்ன தேதியில் இறந்துவிட்டார், இனி நோட்டீஸ்கள் இந்த விலாசத்துக்கு வர வேண்டும், வாரிசுகள் எழுதிக் கொடுக்கும் வரை இந்தச் சீட்டுக்கு அவர் பேரில் யாரும் ஏலம் கேட்க அனுமதிக்கக் கூடாது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இறந்தவர் ஏஜெண்டுக்கோ நண்பருக்கோ ஏலம் கேட்க எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த அதிகாரம் அவர் இறந்ததோடு முடிந்துவிட்டது, ஆனால் கம்பெனிக்கு இறப்பு தெரியாத வரை அந்தத் தாள் உயிரோடுதான் இருக்கும். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தவணையை யார் கட்டினாலும் ரசீது இறந்தவரின் சீட்டு எண்ணுக்கே வரட்டும், முடிந்தால் வங்கி வழியாகக் கட்டுங்கள். மச்சான் இரண்டு தவணை கட்டினார் என்பதால் சீட்டு அவருடையதாகிவிடாது. கட்டியதைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு, அதைக் குடும்பத்துக்குள் ஒரு தாளில் எழுதி வைத்தால் பின்னால் பேச்சு வராது.

கணக்கு: ஒரே சீட்டு, நான்கு வழி

20 பேர், 20 மாதம், மாதம் 10,000 ரூபாய், மொத்தம் 2 லட்சம் ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 5 சதவீதம், அதாவது ஏலத்துக்கு 10,000 ரூபாய். (சட்டம் இப்போது 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது, உங்கள் ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள்.) ஒரு மாதம் 50,000 ரூபாய் தள்ளி ஒருவர் எடுத்தால், கமிஷன் போக மிச்சம் 40,000-ஐ இருபது பேருக்கும் பிரித்து ஆளுக்கு 2,000 கழிவு. அந்த மாதம் கட்ட வேண்டியது 8,000.

உறுப்பினர் 12 தவணை கட்டிய பிறகு இறக்கிறார். முதல் மாதச் சீட்டைக் கம்பெனியே எடுத்ததால் கழிவில்லை, கட்டியது 10,000. அடுத்த ஐந்து மாதம் 8,000 வீதம் 40,000. அதற்கடுத்த ஆறு மாதம் கழிவு 1,500 ஆகக் குறைந்ததால் 8,500 வீதம் 51,000. கையிலிருந்து போனது மொத்தம் 1,01,000.

இனி வரும் எட்டு மாதத்தில் 13-ஆம் மாதம் 30,000 தள்ளிப் போகிறது, அதற்கு 9,000 கட்ட வேண்டும். 14 முதல் 19 வரை 20,000 தள்ளிப் போகிறது, மாதம் 9,500 வீதம் 57,000. கடைசி மாதம் 10,000. ஆக இன்னும் கட்ட வேண்டியது 76,000. ஏலம் எப்படிப் போகும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. கடைசி நாலைந்து மாதத் தள்ளுத் தொகையைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

முதல் வழி, நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்பது. கட்டிய 1,01,000-லிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன பிடித்தம் போகும். பெரும்பாலும் அது ‘சீட்டுத் தொகையில் 5 சதவீதம்’ என்றிருக்கும். கட்டிய தொகையில் 5 சதவீதம் என்றால் 5,050, சீட்டுத் தொகையில் என்றால் 10,000. ஒரு சொல்லில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்னதை எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 91,000. அதுவும் உடனே வராது. அந்த இடத்துக்கு மாற்று ஆள் சேரும்போதோ சீட்டு முடியும்போதோதான் வரும்.

இரண்டாவது வழி, வாரிசு பேருக்கு மாற்றி 13-ஆம் மாதமே எடுப்பது. 30,000 தள்ளினால் பரிசுத் தொகை 1,70,000. மீதி 76,000-ஐக் கட்டியாக வேண்டும் என்பதால் நிகரம் 94,000. எடுத்தால் ஜாமீன் கேட்பார்கள். சம்பளக்காரர் ஜாமீன் கிடைக்காத வீட்டில், மீதி ஏழு தவணைக்குரிய 70,000-ஐப் பரிசுத் தொகையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம், பல கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும். அப்போது ஒரு லட்சம் உடனே கைக்கு வரும். 14 முதல் 19 வரை விழும் கழிவு 3,000 சீட்டு முடிவில் திரும்ப வர வேண்டும், அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் அந்த 3,000-ஐக் கேட்க ஆள் இருக்காது.

மூன்றாவது, மாதாமாதம் கட்டிக் கடைசியில் எடுப்பது. 2 லட்சத்தில் கமிஷன் போக 1,90,000 வரும், கட்டிய 76,000-ஐக் கழித்தால் 1,14,000. வருமானம் நின்றுபோன வீட்டில் எட்டு மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டுவது எளிதல்ல. நடுவில் நின்றால் முதல் வழிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை. எடுக்காத சீட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். வாங்குபவர் மீதி 76,000 கட்டிக் கடைசியில் 1,90,000 எடுப்பார். ஆக அவருக்கு இந்தச் சீட்டின் மதிப்பு 91,000-க்கு மேல், 1,14,000-க்குக் கீழ். கட்டிய 1,01,000-ஐ அப்படியே கேட்டால் இரு தரப்புக்கும் நியாயம், பேசினால் மேலும் ஓரிரு ஆயிரம் ஏறும். அதே குழுவில் ஏற்கெனவே எடுக்காமல் இருக்கும் ஒருவரோ, தெரிந்த கடைக்காரரோ முன்வரலாம். மாற்றம் எழுத்தில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும், கம்பெனி அதைத் தன் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிவுக்கு முன் வாங்குபவரிடம் பணத்தை வாங்கலாம், பாஸ் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

கட்டச் சக்தி இல்லாத குடும்பத்துக்கு நான்காவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. கம்பெனி ஊழியர் பெரும்பாலும் முதல் வழியை மட்டுமே சொல்வார், ஏனென்றால் அவருக்கு அதற்கான படிவம் மேஜையிலேயே இருக்கிறது.

தாள்கள், அவற்றில் சிக்கும் இடங்கள்

இறப்புச் சான்றிதழை crstn.org தளத்தில் எடுக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். மருத்துவமனை இறப்பென்றால் அவர்களே பதிவார்கள், வீட்டில் இறந்தால் குடும்பம்தான் பதிய வேண்டும். பாஸ் புத்தகத்தில் ‘கே. முருகன்’, ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’, சான்றிதழில் ‘முருகேசன்’ என்றிருந்தால் கம்பெனி நிறுத்தி வைக்கும். சான்றிதழ் பதியும்போதே பாஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பேரைச் சொல்வது பின்னால் பல அலைச்சலைத் தவிர்க்கும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து வட்டாட்சியர் கொடுப்பார். சொத்தில் யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது, யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். வாரிசுகளுக்குள் சண்டை இருந்தாலோ, கம்பெனி பெரிய தொகைக்குப் பிடிவாதமாக இருந்தாலோ நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். அதற்கு மாதக்கணக்காகும், நீதிமன்றக் கட்டணமும் தொகைக்கேற்ப உண்டு. ஒரு லட்சத்துக்காக அங்கே போவதற்கு முன் ஒரு முறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

நாமினி பேர் எழுதியிருந்தால் வேலை சுலபம், கம்பெனி அவரிடம் கொடுத்துக் கைகழுவலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்குபவர்தான், சொந்தக்காரர் அல்ல. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்கு முன் சீட்டு சேர்ந்தவர் தம்பியை நாமினியாகப் போட்டிருந்தால், தம்பி வாங்கி அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் கொடுக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் இறந்தவர் இந்து ஆண், மனைவி, ஒரு மகள், தாயார் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவரும் சமம். கடைசியில் எடுத்த 1,14,000 என்றால் ஆளுக்கு 38,000. தாயாரை விட்டுவிட்டு மனைவியும் மகளும் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தந்தைக்கு இந்த வரிசையில் பங்கில்லை. இறந்தவர் பெண்ணாக இருந்தால் முதல் வரிசை கணவரும் பிள்ளைகளும். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு வேறு. மகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அவள் பங்குக்கு அவள் பேரில் வங்கிக் கணக்கு திறந்து அதில் போடச் சொல்லுங்கள்.

இவற்றோடு மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும், பின்னால் யாராவது உரிமை கோரினால் நான் பொறுப்பு என்ற ஈட்டுறுதிப் பத்திரமும் கேட்பார்கள். பத்திரத்தில் தொகையின் இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் தொகை வங்கியில் ஏறிய பிறகே கொடுங்கள், இல்லையேல் ‘இன்ன தொகை வரவானபின் செல்லும்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

கோரிக்கைக் கடிதம்

நீட்டி எழுத வேண்டாம். இந்த அளவு போதும்:

“தங்கள் நிறுவனத்தின் … குழுவில் … எண் சீட்டின் உறுப்பினரான என் கணவர் … அவர்கள் … தேதியில் காலமானார். இதுவரை 12 தவணைகள் செலுத்தியுள்ளார், சீட்டு எடுக்கவில்லை. வாரிசுகளாகிய நாங்கள் இந்தச் சீட்டை என் பேருக்கு மாற்றித் தொடர விரும்புகிறோம். செலுத்திய தொகை, ஒவ்வொரு மாதக் கழிவு, பிடித்தம் ஏதும் இருந்தால் அதற்கு ஆதாரமான ஒப்பந்தப் பிரிவு ஆகியவற்றுடன் கணக்குத் தாளும் ஒப்பந்த நகலும் 15 நாளுக்குள் தரக் கேட்டுக்கொள்கிறோம்.”

மாற்றிக் கொடுப்பதானால், திரும்பப் பெறுவதானால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். கணக்குத் தாள் வந்ததும் கழிவு எண்களைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் கம்பெனி சீட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வாரிசுகள் கட்டணம் கட்டி அந்தக் கோப்பைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். ஒப்பந்த நகலைத் தரக் கம்பெனி இழுத்தடித்தாலும் அங்கேயே கிடைக்கும்.

‘சீட்டு முடியட்டும், தருகிறோம்’ என்றால்

நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்டவர்களுக்கு வரும் பதில் இது. பாதிதான் உண்மை. நீக்கிய இடத்துக்கு மாற்று ஆளைச் சேர்த்துவிட்டால், அவரிடம் வாங்கிய தொகையிலிருந்து உங்களுக்குரியதை அடுத்த தவணைக்கு முன்பே வங்கியில் தனிக் கணக்கில் போட்டு, கேட்கும்போது கொடுக்க வேண்டும். ஆகவே ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘எங்கள் சீட்டு எண்ணில் இப்போது யாராவது இருக்கிறார்களா, எந்தத் தேதியில் சேர்ந்தார், எங்கள் தொகை எந்த வங்கியில் இருக்கிறது’ என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கடிதம் போன பிறகு பதிலின் தொனி மாறுவது வழக்கம்.

மாறாவிட்டால் ஒப்புகை அட்டையோடு தபாலில் ஒரு நோட்டீஸ், அதன்பின் 64-ஆம் பிரிவின் கீழ் சீட்டுப் பதிவாளரிடம் மனு. இறந்த உறுப்பினரின் நாமினி, வாரிசு, சட்டப்படியான பிரதிநிதி எல்லாரும் மனுச் செய்யலாம். இந்தத் தகராறில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது. அங்கே போய்ப் பணமும் காலமும் செலவழித்துவிட்டு இங்கே வந்தால் காலக்கெடு கடந்திருக்கக்கூடும். பணக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு என்பதை மனதில் வைத்து, அதற்கு வெகு முன்னரே மனுவைப் போடுங்கள். மனுவோடு பாஸ் புத்தக நகல், கணக்குத் தாள், முத்திரை வாங்கிய கடிதங்கள், வாரிசுச் சான்றிதழ் போதும்.

பதிவில்லாத தெருச் சீட்டு

பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கும் சீட்டில் பதிவாளர் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பதிவில்லாமல் சீட்டு நடத்துவதே குற்றம். ஆகவே ஏமாற்றினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் புகார் பணத்தைத் திருப்பித் தந்துவிடாது. நடத்துபவர் கைதானால் குழுவே உடைந்து மற்றவர் பணமும் முடங்கும், அவர்கள் உங்களைத்தான் குறை சொல்வார்கள்.

இங்கே சாட்சி எல்லாம் நோட்டும் போனும்தான். இறந்தவரின் போனை அழிக்காதீர்கள், சிம்மைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அனுப்பிய பணத்தின் பதிவுகளும் வாட்ஸ்அப் குழுவில் யார் எந்த மாதம் எடுத்தார் என்ற செய்திகளும் அதில்தான் இருக்கும். அடுத்த ஏலத்துக்கு முன் குழுவில் எடுக்காத இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். எடுத்தவர்களைவிட எடுக்காதவர்களுக்குத்தான் உங்கள் பக்கம் நிற்கக் காரணம் உண்டு, நாளை அவர்கள் பணமும் அதே கையில்தான். ‘12 தவணையில் 1,01,000 வரவு, எடுக்கவில்லை’ என்று நடத்துபவர் கைப்பட எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பிறகு வழக்குக்கு அதுவே அடிப்படை. முழுத் தொகையையும் உடனே கேட்டால் அவரிடம் இருக்காது, மாதப் பணம் மாதமே வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்து வரும் ஒரு மாதச் சீட்டை ஏலமில்லாமல் உங்களுக்கு ஒதுக்கி, மீதித் தவணையை அதில் கழித்துக்கொள்ளக் கேட்பதுதான் நடைமுறையில் நடக்கும் தீர்வு.

மகளிர் சுய உதவிக் குழு

இங்கே ஏலமில்லை. இறந்தவரின் சேமிப்பு, குழு உள்கடன் வட்டியில் அவர் பங்கு, இவற்றிலிருந்து அவர் குழுவிடம் வாங்கிய கடன் நிலுவை கழியும். சேமிப்பை மட்டும் கொடுத்து வட்டிப் பங்கை விட்டுவிடுவது பல குழுக்களில் நடக்கிறது, தனிநபர் பாஸ் புத்தகத்தையும் குழுவின் பொதுப் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தொகை, யாரிடம் கொடுப்பது, எந்தத் தேதியில் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும், பிறகு காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுக்கச் சொல்லுங்கள். இறந்தவர் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர் என்றால் வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்தை மாற்றும் வரை குழுவால் பணமே எடுக்க முடியாமல் போகலாம். அந்தத் தாமதத்துக்குக் குழுவைக் குறை சொல்வதில் பயனில்லை, புதிய பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகலையும் இறப்புச் சான்றிதழையும் வங்கிக்கு எடுத்துப்போக அவர்களோடு நீங்களும் போனால் வேலை சீக்கிரம் முடியும்.